அதிகபட்ச திறனை எடுக்கும் லோடு மின்தடை: கண்டுபிடிக்கும் முறையும், பயனுறுதிறன் பாதியில் நிற்பதன் காரணமும்

ஒரு மின்சுற்றின் இரண்டு முனைகளில் எந்த மதிப்புள்ள மின்தடையை இணைத்தால் அதற்கு அதிகபட்ச திறன் கிடைக்கும் என்று கேட்டால், "உள்ளே இருக்கும் மின்தடைக்குச் சமமாக வை" என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் மேசையில் சுற்றை வைத்து அந்த உள் மின்தடை எது என்று காட்டச் சொன்னால் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். பயனுறுதிறன் 50 சதவீதம் என்று எழுதுபவர்களில் பலருக்கு அது எதனுடைய 50 சதவீதம் என்பதும் தெளிவாக இருப்பதில்லை. இந்த இரண்டு இடங்களிலும் நின்று நிதானமாகப் பார்ப்பதற்காக, மூன்று மின்தடைகள் கொண்ட ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம்.

## 1. எது நிலையானது, எதை மாற்றப் போகிறோம்

கணக்கைத் தொடங்கும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். இந்த விதி, மூலம் நம் கையில் இல்லாதபோது மட்டுமே பொருந்தும். அதாவது மூலத்தின் மின்னழுத்தமும் உள் மின்தடையும் ஏற்கெனவே அமைந்துவிட்டன. லோடை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம்.

நிலைமை தலைகீழாக இருந்தால் விதியும் செல்லாது. லோடு 8 ஓம் என்று நிர்ணயமாகிவிட்டது, மூலத்தை நாமே வடிவமைக்கலாம் என்றால், மூலத்தின் உள் மின்தடையை 8 ஓம் ஆக்குவது தவறு. அதை முடிந்தவரை பூஜ்ஜியத்துக்கு அருகில் கொண்டுபோனால்தான் லோடுக்கு அதிகத் திறன் போகும். ஸ்பீக்கரை ஓட்டும் இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டு மின்தடை ஓமில் சிறு பின்னமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நான் பார்த்தவரை, தேர்வில் கணக்கைச் சரியாகப் போடுபவர்களும் வடிவமைப்புக்கு வந்ததும் தவறுவது இங்கேதான்.

## 2. மேசையில் இருக்க வேண்டியவை

12 வோல்ட் நிலையான டிசி சப்ளை ஒன்று, கால் வாட் 1 கிலோ ஓம் மின்தடை மூன்று, 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் ஒன்று, பிரெட்போர்டு, டிஜிட்டல் மல்டிமீட்டர். இவை போதும்.

இணைப்பு இப்படி: சப்ளையின் பாசிட்டிவிலிருந்து R1. அதன் மறுமுனையை ஒரு சந்திப்பாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து R2-ஐ நெகட்டிவுக்கு இறக்குங்கள். அதே சந்திப்பிலிருந்து R3 வெளியே போய் முனை A-யில் முடிகிறது. நெகட்டிவ் கம்பியே முனை B. லோடு A-க்கும் B-க்கும் நடுவில் வரும்.

```
12V (+) --- R1 1k ---+--- R3 1k --- A
                     |
                   R2 1k          (RL)
                     |
12V (-) -------------+------------- B
```

மின்தடைகளின் வாட் அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். A-யும் B-யும் நேரடியாகத் தொட்டுக்கொண்டாலும் R1-இல் 8 மில்லிஆம்பியர்தான் ஓடும்; அப்போது அதில் வெப்பமாவது 64 மில்லிவாட். கால் வாட் மின்தடை இதைத் தாராளமாகத் தாங்கும். அதனால்தான் பழகுவதற்கு இந்த மதிப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். வேறு மதிப்புகள் வைப்பதானால் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள்.

## 3. லோடைக் கழற்றிவிட்டு மின்னழுத்தத்தை அளவிடுங்கள்

A, B முனைகளில் எதையும் இணைக்காமல், மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து அளவிடுங்கள். லோடு இல்லாததால் R3 வழியாக மின்னோட்டம் இல்லை. ஆகவே அதில் அழுத்த இழப்பும் இல்லை. R1, R2 இரண்டும் சமம் என்பதால் 12 வோல்ட் பாதியாகப் பிரிந்து 6 வோல்ட் தெரியும். இதுதான் தெவனின் மின்னழுத்தம், Vth.

5 சதவீத மின்தடைகள் என்றால் 5.7 முதல் 6.3 வரை எது வந்தாலும் சரி. மீட்டர் 12 காட்டினால் R2 எங்கோ இணையவில்லை என்று பொருள். பிரெட்போர்டில் ஒரு துளை தள்ளிச் செருகியிருப்பீர்கள்.

இந்தப் படியை முதலில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. லோடு பார்க்கும் மூலம் 12 வோல்ட் அல்ல, 6 வோல்ட். இதை அளவிடாமல் விட்டவர்கள், பிறகு லோடில் "12-இல் பாதி 6 வோல்ட்" வர வேண்டும் என்று பொட்டன்ஷியோமீட்டரைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். லோடே இல்லாதபோது 6 தருகிற சுற்றில், லோடு ஏறியபின் 6 வரவே வராது.

## 4. உள் மின்தடையைக் கண்டுபிடியுங்கள்

வழி இரண்டு. முதல் வழியில், சப்ளையைச் சுற்றிலிருந்து முழுவதுமாகப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு சப்ளை இணைந்திருந்த அந்த இரண்டு இடங்களையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். சப்ளை இருக்கும்போதே அதன் குறுக்கே கம்பியைப் போட்டால் சப்ளை ஷார்ட் ஆகிவிடும்.

கம்பி எதற்கு என்றால், இலட்சிய மின்னழுத்த மூலத்தின் உள் மின்தடை பூஜ்ஜியம். அதை நீக்கும்போது அதன் இடத்தில் பூஜ்ஜிய ஓம் இருக்க வேண்டும். வெற்றிடம் இருக்கக் கூடாது. இப்போது A, B முனைகளிலிருந்து பார்த்தால் R1-உம் R2-உம் இணையாக அமைந்து 500 ஓம், அதனுடன் தொடராக R3-இன் 1000 ஓம்.

```
Rth = (R1 × R2)/(R1 + R2) + R3 = 500 + 1000 = 1500 ohm
```

ஓம் நிலையில் மீட்டர் 1.5 கிலோ ஓம் அருகே காட்ட வேண்டும். 2 கிலோ ஓம் காட்டினால் கம்பி போட மறந்துவிட்டீர்கள்: R1 தொங்கிக்கொண்டிருக்கிறது, R2-ஐயும் R3-ஐயும் மட்டும் மீட்டர் அளக்கிறது. எண் குதித்துக்கொண்டே இருந்தால், அல்லது அர்த்தமில்லாத மதிப்பு வந்தால், சப்ளை இன்னும் இணைப்பில் இருக்கும். ஓம் அளவீட்டில் மீட்டர் தானே ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. சுற்றில் வேறு மின்னழுத்தம் இருந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

R3 லோடுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது மட்டுமே உள் மின்தடை என்று நினைத்து 1 கிலோ ஓம் லோடைப் போடுகிறவர்களும் உண்டு. லோடு பார்ப்பது பக்கத்தில் இருக்கும் ஒரு பாகத்தை அல்ல, தனக்குப் பின்னால் இருக்கும் முழுச் சுற்றையும்.

## 5. பாதி மின்னழுத்த முறையில் சரிபாருங்கள்

இரண்டாவது வழி, சுற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோதும் பயன்படும். சப்ளையை மறுபடி இணைத்து, பொட்டன்ஷியோமீட்டரின் நடுக்காலையும் ஏதாவது ஒரு ஓரக்காலையும் A, B முனைகளில் போடுங்கள். மீட்டரை வோல்ட் நிலையில் லோடின் குறுக்கே வைத்து, படிக்கிற மதிப்பு மூன்றாம் படியில் கிடைத்ததில் சரியாகப் பாதியாகும்வரை, அதாவது 3 வோல்ட் வரும்வரை, மெதுவாகத் திருப்புங்கள்.

அழுத்தம் சமமாகப் பிரிகிறது என்றால் உள்ளே இருக்கும் மின்தடையும் வெளியே இருக்கும் மின்தடையும் சமம். அப்புறம் பொட்டன்ஷியோமீட்டரைத் திருப்பாமல் அப்படியே வெளியே எடுத்து, தனியாக ஓம் அளவிடுங்கள். 1.5 கிலோ ஓம் அருகே வர வேண்டும்.

வெளியே எடுத்து அளவிடுவது கட்டாயம். சப்ளையை எடுத்துக் கம்பி போட்ட நிலையில், பொட்டன்ஷியோமீட்டர் சுற்றிலேயே இருக்க அளந்தால் 750 ஓம் என்று காட்டும். அது 1.5 கிலோ ஓம் லோடும் 1.5 கிலோ ஓம் உள் மின்தடையும் இணையாகச் சேர்ந்த மதிப்பு. உங்கள் பதில் எதிர்பார்த்ததில் பாதியாக வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மின்னோட்டத்தைத் தனியாக அளக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. அம்மீட்டரைத் தொடரில் வைத்தால் அதன் சொந்த மின்தடையும் சுற்றில் சேர்ந்துகொள்ளும். லோடின் மின்னழுத்தத்தை அதன் மின்தடையால் வகுத்தாலே மின்னோட்டம் வந்துவிடும்: 3 வோல்ட், 1500 ஓம், ஆகவே 2 மில்லிஆம்பியர். லோடு எடுக்கும் திறன் 6 மில்லிவாட்.

## 6. சமமாக இருக்கும்போது ஏன் அதிகபட்சம்

வகைநுண்கணிதம் தெரிந்தவர்கள் RL-ஐப் பொறுத்து வகையிட்டுப் பூஜ்ஜியமாக்கிப் பதிலுக்கு வருவார்கள். அது சரிதான். ஆனால் அதில் காரணம் மறைந்துபோகிறது. லோடின் மின்னழுத்தத்தை மையமாக வைத்து எழுதினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

லோடில் VL வோல்ட் இருந்தால், மீதி அழுத்தம் உள் மின்தடையில் விழுகிறது. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே:

```
I  = (Vth − VL) / Rth
PL = VL × (Vth − VL) / Rth
```

Vth-உம் Rth-உம் நிலையானவை. மாறுவது மேலே இருக்கும் பெருக்கல் மட்டும். அந்தப் பெருக்கலில் இருக்கும் இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் Vth, நம் சுற்றில் 6. கூட்டினால் 6 வரும் இரண்டு எண்களின் பெருக்கல் எப்போது பெரியது? 1 × 5 என்றால் 5. 2 × 4 என்றால் 8. 3 × 3 என்றால் 9. சமமாகப் பிரியும்போதுதான் அதிகம். 9-ஐ 1500-ஆல் வகுத்தால் நாம் அளந்த அதே 6 மில்லிவாட்.

லோடைக் குறைத்துக்கொண்டே போனால் மின்னோட்டம் ஏறுகிறது, ஆனால் லோடில் மின்னழுத்தம் மிஞ்சுவதில்லை. லோடைக் கூட்டிக்கொண்டே போனால் மின்னழுத்தம் 6-ஐ நெருங்குகிறது, மின்னோட்டம் வற்றிவிடுகிறது. திறனுக்கு இரண்டும் வேண்டும். நடுவில் இருக்கும் சமரசப் புள்ளி VL = Vth/2, அதாவது RL = Rth. அங்கே கிடைப்பது:

```
Pmax = Vth² / (4 × Rth) = 36 / 6000 = 6 mW
```

## 7. பயனுறுதிறன் ஏன் பாதி

இதற்குப் புதிய கணக்கு தேவையில்லை. உள் மின்தடையிலும் லோடிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், மின்னழுத்தம் எந்த விகிதத்தில் பிரிகிறதோ திறனும் அதே விகிதத்தில்தான் பிரியும்.

```
பயனுறுதிறன் = VL / Vth = RL / (RL + Rth)
```

அதிகபட்சத் திறனுக்கான நிபந்தனையே மின்னழுத்தம் சமமாகப் பிரிய வேண்டும் என்பது. எனவே லோடில் 6 மில்லிவாட் என்றால் உள் மின்தடையிலும் 6 மில்லிவாட் வெப்பமாகிறது. பாதி என்பது தரக்குறைவான பாகங்களால் வரும் இழப்பு அல்ல. அந்தப் புள்ளியை வரையறுக்கும் நிபந்தனையும் பாதிப் பயனுறுதிறனும் ஒரே செய்திதான்.

உள் மின்தடையைக் குறைத்தாலும், அதற்குச் சமமாக லோடையும் குறைக்கும்வரை 50 சதவீதம் மாறாது. திறன் கூடும், உள்ளே வீணாவதும் அதே அளவு கூடும்.

## 8. அந்த 50 சதவீதம் எதனுடையது

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. நம் சுற்றில் 1500 ஓம் லோடு இருக்கும்போது 12 வோல்ட் சப்ளை உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று பார்ப்போம்.

R3-உம் லோடும் சேர்ந்து 2500 ஓம். அது R2-வின் 1000 ஓமுடன் இணையாக அமைந்து 714 ஓம் அளவாகிறது. R1-ஐயும் சேர்த்தால் மொத்தம் 1714 ஓம். சப்ளையிலிருந்து வரும் மின்னோட்டம் 7 மில்லிஆம்பியர். திறன் 84 மில்லிவாட். அது போகும் இடங்கள்:

```
R1 : 7 mA, 7 V → 49 mW
R2 : 5 mA, 5 V → 25 mW
R3 : 2 mA, 2 V →  4 mW
RL : 2 mA, 3 V →  6 mW
மொத்தம்         84 mW
```

84-இல் 6 என்றால் சுமார் 7 சதவீதம். 50 எங்கே போயிற்று? Vth-ஐயும் அதனுடன் தொடரில் Rth-ஐயும் மட்டும் கொண்ட தெவனின் சமானச் சுற்று வெளியே இருப்பவருக்கு, அதாவது லோடுக்கு, அசலைப் போலவே நடந்துகொள்ளும். அதன் உள்ளே வீணாகும் திறனைப் பற்றி அது எந்த உறுதியும் தருவதில்லை. நம் சுற்றில் லோடே இல்லாதபோதும் R1, R2 வழியாக 6 மில்லிஆம்பியர் ஓடி 72 மில்லிவாட் வெப்பமாகிக்கொண்டிருக்கும். சமானச் சுற்றிலோ லோடு இல்லையென்றால் இழப்பு பூஜ்ஜியம்.

ஆகவே 50 சதவீதம் என்று அப்படியே சொல்லத்தக்கது, உள் மின்தடை உண்மையிலேயே மூலத்துடன் தொடரில் மட்டும் இருக்கும்போதுதான். பேட்டரி தோராயமாக அப்படிப்பட்டது. நடுவில் R2 போல இணைக்கிளை ஏதாவது இருந்தால், சப்ளை முனையில் திறனைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஆய்வக அறிக்கையில் "பயனுறுதிறன் 50%" என்று மட்டும் எழுதாமல், சமானச் சுற்றில் 50%, அசல் சப்ளையைப் பொறுத்து 7% என்று இரண்டையும் எழுதுவது நேர்மையானது.

## 9. உச்சியில் நிற்க வேண்டுமா, சற்று விலகலாமா

பொட்டன்ஷியோமீட்டரைப் பல மதிப்புகளில் வைத்து மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி வர வேண்டியவை இவை. கடைசி நிரல் சமானச் சுற்றின் பயனுறுதிறன்.

```
RL (ohm)   VL (V)   PL (mW)   RL/(RL+Rth)
 500       1.5      4.50      25%
 750       2.0      5.33      33%
1500       3.0      6.00      50%
2250       3.6      5.76      60%
3000       4.0      5.33      67%
4500       4.5      4.50      75%
```

750-ஐயும் 3000-ஐயும் ஒப்பிடுங்கள். ஒன்று உள் மின்தடையில் பாதி, மற்றது இருமடங்கு. லோடுக்குக் கிடைக்கும் திறன் இரண்டிலும் ஒன்றே. ஆனால் 750-இல் மூன்றில் ஒரு பங்குதான் லோடுக்கு வருகிறது. 3000-இல் மூன்றில் இரண்டு பங்கு. மின்தடையைத் துல்லியமாகப் பொருத்த முடியாவிட்டால் எப்போதும் பெரிய பக்கம் சாயுங்கள். ஒரே திறனைக் குறைந்த வெப்பத்தில் பெறலாம்.

உச்சி கூர்மையானதல்ல, தட்டையானது. லோடு ஒன்றரை மடங்கானாலும் திறன் 4 சதவீதம்தான் குறைகிறது. பயனுறுதிறனோ 50-இலிருந்து 60-க்கு ஏறுகிறது. மூலம் பேட்டரி போன்றதாக இருந்தால் இந்த 4 சதவீதத்தை நான் தயங்காமல் விட்டுக்கொடுப்பேன். உச்சியைத் தேடித் தசமப் புள்ளி வரை திருப்பிக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. 5 சதவீத மின்தடைகளின் பிழை அதைவிடப் பெரிது. அதனால்தான் ஐந்தாம் படியில், திறனின் உச்சியைத் தேடாமல் மின்னழுத்தம் பாதியாவதைத் தேடச் சொன்னேன். உச்சிக்கு அருகே திறன் அசையவே அசையாது, மின்னழுத்தம் தெளிவாக மாறும்.

அசல் சுற்றில் ஒரு எச்சரிக்கை. R2-வின் இழப்பு ஓயாது என்பதால், லோடைக் கூட்டினால் பயனுறுதிறன் இப்படி ஏறிக்கொண்டே போகாது. 3000 ஓமில் சப்ளை 80 மில்லிவாட் கொடுத்து 5.33 மட்டும் லோடுக்கு வருகிறது. அது 7 சதவீதத்துக்கும் கீழே. எட்டாம் படியைச் செய்யாமல் இந்த அட்டவணையை வேறு சுற்றுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

## 10. இந்த மதிப்பைப் போடக் கூடாத இடங்கள்

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியின் உள் மின்தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சமமான லோடு 0.01 ஓம். மின்னோட்டம் 600 ஆம்பியர், லோடில் 3.6 கிலோவாட், பேட்டரிக்குள் 3.6 கிலோவாட். இது ஷார்ட் அடிப்பதற்குச் சமம். பேட்டரி வெடிக்கலாம், கம்பி உருகலாம். பேட்டரியில் பாதி மின்னழுத்த முறையை ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள். அதன் உள் மின்தடை தெரிய வேண்டுமென்றால், சில ஆம்பியர் எடுக்கும் லோடைச் சற்று நேரம் இணைத்து, மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, அந்த இறக்கத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் போதும்.

ஆய்வக சப்ளையின் முனைகளிலேயே நேரடியாக முயல்வதும் வீண். அதன் உள் மின்தடை மிகமிகச் சிறியது. நீங்கள் பாதி மின்னழுத்தத்துக்கு வருமுன் மின்னோட்டக் கட்டுப்பாடு குறுக்கே வந்துவிடும். அப்போது நீங்கள் அளப்பது அந்தக் கட்டுப்பாட்டுச் சுற்றின் குணத்தை.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் இந்த விதி பின்பற்றப்பட்டால், லோடில் 115 வோல்ட்தான் இருக்கும். உற்பத்தியில் பாதி கம்பிகளிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் எரியும். அதனால் மின் விநியோகத்தில் உள் மின்தடையை லோடைவிட மிகச் சிறியதாக வைப்பதே நோக்கம். ஆண்டெனாவிலிருந்து வரும் சிக்னல் போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே கிடைப்பதே மிகக் கொஞ்சம், வீணாகும் பாதிக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. எனவே பொருத்துவது சரியான முடிவு.

சோலார் பேனல் இன்னொரு விதமான விலக்கு. நம் கணக்கு முழுவதும், மின்னோட்டம் கூடக் கூட மின்னழுத்தம் ஒரே சீராக இறங்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. பேனலில் அப்படி இல்லை. 100 வாட் வகைப் பேனல் ஒன்று லோடு இல்லாதபோது சுமார் 22 வோல்ட் தருகிறது என்றால், அதன் அதிகபட்சத் திறன் 11 வோல்ட்டில் கிடைக்காது. 18 வோல்ட் அருகே கிடைக்கும். 11 வோல்ட்டில் பிடித்து வைத்தால் மின்னோட்டம் சுமார் 6 ஆம்பியரைத் தாண்டாது, அதாவது 66 வாட் அளவுதான். வெயில் மாறினால் அந்தப் புள்ளியும் நகரும். ஆகவே பேனலுக்கு ஒரு நிலையான மின்தடையைத் தேடாமல், அதிகபட்சத் திறன் புள்ளியைத் தொடர்ந்து பின்தொடரும் எம்பிபிடி கன்ட்ரோலரைப் போடுகிறார்கள். உங்கள் மூலம் நேர்கோட்டில் நடக்கிறதா என்று சோதிக்க எளிய வழி, மூன்று வெவ்வேறு லோடுகளில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் குறித்து வரைபடமாக்குவது. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழாவிட்டால் ஐந்தாம் படியின் பாதி மின்னழுத்த முறையை அங்கே பயன்படுத்தக் கூடாது.